வர்த்தமானியின் 48 பக்கங்களில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் தனிப் பிடிஎஃப் ஆக்குவது

கேள்வி: அண்ணா, மூதூரிலிருந்து எழுதுகிறேன். வர்த்தமானியில் வந்த ஒரு பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பதிவிறக்கிய பிடிஎஃப் 48 பக்கம். அந்தப் பதவிக்குரிய அறிவித்தலும் விண்ணப்பப் படிவமும் மட்டும் எனக்குப் போதும். அவற்றைத் தனிக் கோப்பாக்கித் திருகோணமலையில் அச்செடுக்கும் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். 1170 முதல் 1174 வரை என்று பக்க எண் கொடுத்தால் கணினி ஏற்க மறுக்கிறது. புதிய மென்பொருள் எதுவும் போடாமல் செய்ய முடியுமா?

பதில்:

முடியும் தம்பி. உங்கள் கணினியில் குரோம் அல்லது எட்ஜ் இருந்தால் அதுவே போதும். பிடிஎஃப்பைத் திறந்து அச்சிடும் கட்டளையைக் கொடுங்கள். அச்சு இயந்திரத்தைத் தெரிவு செய்யும் இடத்தில், புதிய பிடிஎஃப்பாகச் சேமிக்கும் தெரிவை எடுங்கள். எந்தெந்தப் பக்கங்கள் என்று குறித்துச் சேமித்தால் வேலை முடிந்தது. நீங்கள் இதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தடுமாறியது பக்க எண்ணில் மட்டும். பலரும் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான் என்பதால் முதலில் அதை முழுமையாகப் பார்ப்போம்.

வர்த்தமானியின் பக்க எண்கள் ஒவ்வோர் இதழிலும் 1 இல் தொடங்குவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் இதழ்களில் பக்க எண் வாரத்துக்கு வாரம் தொடர்ந்து ஓடுகிறது. அடுத்த ஆண்டு பிறக்கும்போதுதான் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஆண்டின் நடுப்பகுதியில் வந்த இதழின் முதற்பக்கத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட எண் இருக்கும். தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கும் அந்த எண்ணைக் குரோம் படித்துப் பார்ப்பதில்லை. கோப்பில் எத்தனையாவது பக்கம் என்ற கணக்கு ஒன்றே அதற்குத் தெரியும். 48 பக்கக் கோப்பில் 1170 ஆவது பக்கத்தைக் கேட்டதால், Out of bounds page reference, limit is 48 என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கும். "இந்தக் கோப்பில் 48 பக்கங்கள்தான் இருக்கின்றன, அதற்குமேல் கேட்கிறீர்கள்" என்பதே அதன் பொருள்.

ஆகவே அச்சு எண்ணைக் கோப்பின் வரிசை எண்ணாக மாற்ற வேண்டும். உங்கள் கோப்பைத் திறந்ததும் முதலில் தெரியும் பக்கத்தில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு அது 1153 என்று வைத்துக்கொள்வோம். அறிவித்தல் தொடங்குவது 1170 இல். 1170 இலிருந்து 1153 ஐக் கழித்தால் 17. முதற்பக்கத்தையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்பதால் அதனுடன் 1 ஐக் கூட்டினால் 18. ஆக, 1170 என்று அச்சாகியிருப்பது கோப்பின் 18 ஆவது பக்கம். இதே கணக்கில் 1174 என்பது 22 ஆவது பக்கம். கடைசியில் 1 ஐக் கூட்ட மறந்தால் எல்லாப் பக்கங்களும் ஒன்று முன்தள்ளிப்போகும். முந்தைய அறிவித்தலின் பக்கம் ஒன்று உள்ளே வந்து, உங்கள் படிவத்தின் கடைசிப் பக்கம் வெளியே நின்றுவிடும்.

கணக்கை மட்டும் நம்பி அச்சிட வேண்டாம். குரோமில் பிடிஎஃப் திறந்திருக்கும்போது மேற்பட்டையில் பக்க எண் காட்டும் சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் 18 என்று தட்டி Enter கொடுங்கள். திரையில் வரும் தாளின் தலைப்பில் 1170 இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 22 என்று தட்டி 1174 வருகிறதா என்று பாருங்கள். தொடக்கம், முடிவு இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடையில் எண்ணிடப்படாத தாள் ஒன்று இருந்தால் தொடக்கம் சரியாக இருந்தும் முடிவு பிசகும்.

இந்தப் பிரச்சினை வர்த்தமானியோடு நிற்பதில்லை. பாடப்புத்தகத்திலும் ஆசிரியர் வழிகாட்டியிலும் முன்னுரைப் பக்கங்கள் i, ii, iii என்று ரோமன் எண்ணில் இருக்கும்; முதலாம் பாடம் தொடங்கும் இடத்தில்தான் 1 வரும். முன்னுரைப் பகுதி 12 பக்கமானால், "பக்கம் 30" என்று அச்சாகியிருப்பது கோப்பில் 42 ஆவது பக்கம். அடோபி ரீடர் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பை உருவாக்கியவர் பக்கங்களுக்குப் பெயரிட்டிருந்தால் அந்த மென்பொருள் அப்பெயர்களையே எண்ணாக எடுத்துக்கொள்ளும். அப்போது அச்சிடும் பெட்டியில் 30 என்று கொடுத்தால், புத்தகத்தில் 30 என்று அச்சாகியிருக்கும் பக்கமே வரும். வரிசை எண்ணைத்தான் சொல்கிறேன் என்று அதற்கு உணர்த்த, எண்ணை அடைப்புக்குள் (42) என்று கொடுக்க வேண்டும்.

இனி அச்சிடுவோம். குரோமில் கோப்பு திறந்திருக்க, Ctrl விசையை அழுத்திக்கொண்டு P ஐத் தட்டுங்கள். வலப்பக்கத்தில் வரும் பட்டியில் Destination என்ற இடத்தில் Save as PDF ஐத் தெரிவு செய்யுங்கள். அதன் கீழே Pages என்ற இடத்தில் All என்று இருக்கும்; அதை Custom ஆக மாற்றியதும் ஒரு பெட்டி திறக்கும். அதில் இப்படி எழுதுங்கள்:

```
1, 18-22
```

நீங்கள் கேட்காத 1 ஆவது பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் முழுமையாக இருப்பது முதற்பக்கத்தில். விண்ணப்பத்தில் "எந்த வர்த்தமானி" என்று குறிப்பிட வேண்டி வரும்போதும், நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது நீங்கள் வைத்திருப்பது எந்த அறிவித்தல் என்று காட்ட வேண்டி வரும்போதும் அந்த ஒரு தாள் கைகொடுக்கும். தொடர்ச்சியான பக்கங்களுக்கு இடையில் சிறுகோடு, தனித்தனிப் பக்கங்களுக்கு இடையில் காற்புள்ளி, இவ்வளவுதான் இலக்கணம். இடப்பக்கத்து முன்னோட்டத்தில் இப்போது 6 பக்கங்கள் தெரிய வேண்டும். அதைப் பார்த்த பிறகே Save ஐ அழுத்துங்கள்.

வரிசையை மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த வழி உதவாது. படிவம் முன்னால் வரட்டும் என்று 21-22, 18-20 என எழுதினாலும் குரோம் அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 18 முதல் 22 வரை என்றே தரும். படிவத்தையும் அறிவித்தலையும் இரண்டு தனிக் கோப்புகளாக வேண்டுமானால் இரண்டு முறை அச்சிடுவதே எளிது.

சேமிக்கும்போது பெயரில் கவனம் வேண்டும். பெயர்ப் பெட்டியில் பெரும்பாலும் மூலக் கோப்பின் பெயரே தானாக வந்து நிற்கும். அதை மாற்றாமல், அதே கோப்புறையில் சேமித்து, மாற்றியெழுதவா என்று கணினி கேட்கும்போது Yes கொடுத்தால் 48 பக்கக் கோப்பு போய்விடும். 6 பக்கங்களே மிஞ்சும். பதவியின் பெயரையும் வர்த்தமானித் திகதியையும் வைத்துப் புதிய பெயர் கொடுங்கள். கடையில் உங்கள் கோப்பைத் தேடி எடுப்பவருக்கும் அது வசதி.

எட்ஜிலும் ஏறக்குறைய இதே படிகள்தான். பயர்பாக்ஸில் Save to PDF என்றிருக்கும். அடோபி ரீடரில் சற்று வேறு. அங்கே Printer என்ற இடத்தில் Microsoft Print to PDF ஐத் தெரிவு செய்ய வேண்டும். இது விண்டோஸ் 10 இலிருந்து கணினியோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 7 இல் இல்லை. Print ஐ அழுத்திய பிறகே எங்கே, எந்தப் பெயரில் சேமிப்பது என்று கேட்கும்.

அடோபி ரீடர் வழியாகப் போனால் தாளின் அளவையும் பார்க்க வேண்டும். விண்ணப்பப் படிவம் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். Microsoft Print to PDF உம் தன்னை ஓர் அச்சு இயந்திரமாகவே நினைக்கிறது; ஆகவே அதற்கும் ஒரு தாள் அளவு உண்டு. நாம் பயன்படுத்துவது A4, அதாவது 210 × 297 மில்லிமீற்றர். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிகளிலோ Letter என்ற தாள் இருக்கும். அது A4 ஐவிடச் சற்று அகலம். ஆனால் உயரத்தில் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் குறைவு. Fit என்ற தெரிவும் சேர்ந்திருந்தால் மென்பொருள் உங்கள் பக்கத்தை அந்தக் குட்டைத் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிவிடும். திரையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. கடையில் A4 தாளில் எடுத்த பிறகுதான் எழுத்து சிறுத்து, ஓரங்கள் அகன்று, படிவத்தின் கட்டங்கள் குறுகியிருப்பது தெரியவரும். Page Setup இல் A4 என்றும், அச்சிடும் பெட்டியில் Actual size என்றும் வைத்தால் இது நேராது.

ஏற்கெனவே எடுத்த கோப்பு எந்த அளவில் இருக்கிறது என்று அறிய, அடோபி ரீடரில் அதைத் திறந்து Ctrl உடன் D ஐத் தட்டுங்கள். Page Size என்ற வரியில் 8.27 x 11.69 in என்றிருந்தால் A4, 8.50 x 11.00 in என்றிருந்தால் Letter. மூலக் கோப்பையும் இப்படிப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் எழுத்துகளைப் பாருங்கள். ஓர் அச்சிட்ட பக்கத்தைப் படிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண்ணோட்டுங்கள். குறிப்பாக ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உள்ள எழுத்துகளையும் படிவத்தின் கட்டங்களையும் பாருங்கள். எழுத்துகள் சிதறியிருந்தாலோ வெறும் சதுரங்களாக வந்திருந்தாலோ, அச்சிடும்போது எழுத்துருவைச் சரியாகக் கையாள முடியவில்லை என்று பொருள். அடோபி ரீடரில் அச்சிடும் பெட்டியின் மேற்பகுதியில் Advanced என்ற பொத்தான் இருக்கிறது. அதற்குள் Print As Image ஐத் தெரிவு செய்து மீண்டும் எடுத்தால் பக்கம் படமாகவே பதிந்துவிடும். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வரும். ஆனால் படத்தில் சொல் தேட முடியாது, கோப்பும் பெருக்கும். ஆகையால் எழுத்துகள் நன்றாக இருக்கும்போது இதைத் தொட வேண்டாம்.

சொல் தேடுவது பற்றி ஒரு குறிப்பு. புதிய கோப்பில் Ctrl உடன் F ஐத் தட்டித் தமிழில் தேடும்போது எதுவும் அகப்படாவிட்டால், அச்சிட்டதால் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மூலக் கோப்பிலும் அதே சொல்லைத் தேடிப் பாருங்கள். நம் நாட்டில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள் இன்னும் ஏராளம். அவற்றில் "அம்மா" என்று கண்ணுக்குத் தெரிவது கோப்புக்குள் இப்படி இருக்கும்:

```
mk;kh
```

அத்தகைய கோப்பில் யுனிகோட் தமிழில் தேடினால் மூலத்திலும் வராது, நகலிலும் வராது. ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மூலத்தில் தேட முடிந்து நகலில் முடியவில்லை என்றால் மட்டும், நீங்கள் அச்சிட்ட வழியில் ஏதோ பிசகு. அப்போது குரோமில் எடுத்ததை எட்ஜிலோ அடோபி ரீடரிலோ எடுத்துப் பாருங்கள்.

இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். கோப்பிலிருந்து தாளைக் கிழித்தெடுக்கும் வேலை இதுவன்று. தாளின் தோற்றத்தை வேறொரு தாளில் புதிதாக வரைகிற வேலை. ஆகவே கண்ணுக்குத் தெரிவது வரும்; அதன் பின்னால் இருந்தவை வராமல் போகலாம். உள்ளடக்கத்தில் தட்டினால் உரிய பக்கத்துக்குத் தாவும் இணைப்புகள், ஓரத்துப் பட்டியில் தெரிந்த அத்தியாயக் குறிகள் ஆகியவை போய்விடக்கூடும். கணினியிலேயே நிரப்பக்கூடிய படிவமாக இருந்தால், நிரப்பும் கட்டங்கள் வெறும் கோடுகளாகிவிடும். அப்படிப்பட்ட படிவத்தை முதலில் நிரப்பி முடித்துவிட்டு, அதன் பிறகே தனிக் கோப்பாக அச்சிடுங்கள். நிரப்பிய எழுத்துகள் தாளோடு தாளாகப் பதிந்துவிடும், யாரும் தவறுதலாக மாற்றவும் முடியாது.

இவற்றுள் மிகக் கவனமாக இருக்க வேண்டியது இலத்திரனியல் கையொப்பத்தில். ஏதாவது ஓர் அலுவலகம் உங்களுக்குக் கையொப்பமிட்ட பிடிஎஃப் அனுப்பியிருந்தால், அதிலிருந்து ஒரு பக்கத்தை இப்படி அச்சிட்டெடுத்ததும் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும். அதைச் சரிபார்க்க உதவும் தரவு நகலில் இருக்காது. அத்தகைய ஆவணத்தைக் கேட்பவருக்கு முழுக் கோப்பையும் வந்தபடியே அனுப்புவதுதான் சரி. உங்களுக்கென்று ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பதில் தவறில்லை.

பாதிப் பக்கத்தையும் இதனால் எடுக்க முடியாது. வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் முடிந்த இடத்திலேயே அடுத்தது தொடங்குவது வழக்கம். ஆகவே உங்கள் 18 ஆவது பக்கத்தின் மேற்பகுதியில் வேறொரு பதவியின் கடைசி வரிகள் இருக்கக்கூடும். அவை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கள் அறிவித்தல் முந்தைய பக்கத்தின் அடிப்பகுதியில் தொடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அடியில் தலைப்பு மட்டும் நின்று, உள்ளடக்கம் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால் உங்கள் தொடக்கம் 17 ஆக வேண்டும்.

அச்சிடும் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால், கோப்பை உருவாக்கியவர் அச்சிட அனுமதி தரவில்லை என்று பொருள். வர்த்தமானியில் அந்தத் தடை இராது. வேறு ஆவணத்தில் வந்தால் அதைத் தந்தவரிடமே கேட்டுப் பெறுங்கள்.

பக்கங்களைப் பிரித்துத் தரும் இணையத்தளங்கள் பல இருக்கின்றன. பகிரங்கமான வர்த்தமானியை அங்கே ஏற்றுவதால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் நிரப்பிய விண்ணப்பத்தில் உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கும். அதை முகம் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றுவதை நான் விரும்பவில்லை. அச்சிட்டெடுக்கும் வழியில் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. இந்த முறையை நான் முதலில் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கணினி கையில் இல்லாவிட்டால் அன்ட்ரொய்ட் தொலைபேசியிலும் செய்யலாம். கோப்பைக் கூகுள் டிரைவில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி Print ஐத் தெரிவு செய்யுங்கள். மேலே Save as PDF ஐ எடுத்து, கீழ்நோக்கிய அம்பைத் தட்டினால் பக்கங்களைக் குறிக்கும் இடம் வரும். அங்கும் அதே 1, 18-22 தான். தாள் அளவும் அங்கேயே தெரியும். A4 ஆக இருக்கட்டும்.

கடைக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் Document என்ற தெரிவின் வழியாகக் கோப்பாகவே அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். A4 தாளில், Actual size இல் எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தெழுதுங்கள். அதற்கு முன் அறிவித்தலில் விண்ணப்பம் தயாரிப்பது பற்றிய பந்தியை நிதானமாகப் படியுங்கள். A4 தாளின் இரு பக்கங்களையும் பயன்படுத்த வேண்டும், இன்ன இலக்கம் முதல் இன்ன இலக்கம் வரை முதற்பக்கத்தில் அமைய வேண்டும் என்று பல அறிவித்தல்களில் நிபந்தனை இருக்கிறது. அப்படி இருந்தால் வர்த்தமானியில் அச்சாகியிருப்பது மாதிரிப் படிவம் மட்டுமே. 21, 22 ஆம் பக்கங்களை அப்படியே நிரப்பி அனுப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அந்த நிலையில் நீங்கள் எடுத்த 6 பக்கக் கோப்பைப் பார்த்து, சொன்ன முறைப்படி புதிய படிவத்தைத் தட்டெழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். படிவத்தை எப்படி அமைப்பது என்பதை அதற்கேற்பச் சொல்கிறேன்.